தொலைந்த உணவுப் பெட்டியும் ஒரு புகைப்படமும்

பாத்திரக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் சொற்றொடர் ஒன்று உண்டு: "அதே மாதிரிதான் இருக்கு, எடுத்துக்கோங்க." பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த 'அதே மாதிரி' போதும். பழைய உணவுப் பெட்டி உடைந்தாலோ தொலைந்தாலோ புதிய பெட்டி வீட்டுக்கு வருவது அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், சில குழந்தைகளுக்கு 'அதே மாதிரி' என்பதும் 'அதே' என்பதும் முற்றிலும் வேறானவை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரின் பெற்றோர் இதை அனுபவத்தில் அறிவார்கள். பெட்டி மாறினால் உள்ளே இருக்கும் தயிர்ச் சோறும் அந்தக் குழந்தைக்கு வேறு பொருளாகிவிடுகிறது. பெட்டி திறக்கப்படாமலேயே வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

இதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. மணம், ஒலி, தொடுகை ஆகியவற்றைச் சில குழந்தைகள் மற்றவர்களைவிடப் பன்மடங்கு கூர்மையாக உணர்கிறார்கள். இரைச்சலும் நெருக்கமும் மிகுந்த வகுப்பறையில், வீட்டிலிருந்து வந்த மாறாத ஒரு பொருள் அவர்களுக்குப் பாதுகாப்பின் அடையாளமாகிறது. காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை நான்கு மணிக்குத் திரும்பும் குழந்தை, நாள்தோறும் உண்ணாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, கையில் பெட்டி இல்லாமல் பழைய புகைப்படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதே பெட்டியைக் கண்டுபிடிப்பது சில குடும்பங்களுக்கு மிக அவசரமான வேலையாகிவிடுகிறது. அதற்கு முறையான வழி உண்டு என்பதும், அந்த வழியில் எங்கே தவறு நேரும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

2016-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த நிகழ்வு ஒன்று உலகச் செய்தியானது. ஆட்டிசம் உள்ள பதின்வயதுச் சிறுவன் ஒருவன், சிறு குழந்தையாக இருந்த காலத்திலிருந்து, இரு கைப்பிடிகள் கொண்ட ஒரு நீலநிறக் குவளையில் மட்டுமே நீர் அருந்திவந்தான். அந்தக் குவளை தேய்ந்து உடையும் நிலைக்கு வந்தது. அந்த வகை கடைகளிலும் இல்லை. அவனுடைய தந்தை குவளையின் படத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டு உதவி கேட்டார். பலரும் தங்கள் வீட்டுப் பரண்களில் தேடிப் பழைய குவளைகளை அனுப்பிவைத்தார்கள். இறுதியில் 'டாமி டிப்பி' என்ற அந்தக் குவளை நிறுவனம், பழைய அச்சு சீனாவில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் இன்னும் இருப்பதைக் கண்டறிந்து, அவனுக்காகவே 500 குவளைகளைச் செய்து தர முன்வந்தது.

இந்த நிகழ்வில் உணர்ச்சியைத் தாண்டிக் கவனிக்க வேண்டிய சொல் 'அச்சு'. நெகிழிப் பெட்டி ஒன்று எப்படிப் பிறக்கிறது? உருக்கிய நெகிழி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தப்பட்டு, குளிர்ந்து, பெட்டியாக வெளியே வருகிறது. அந்த எஃகு அச்சைச் செய்வதற்குத்தான் பெரும் செலவு. எனவே ஓர் அச்சைச் செய்துவிட்டால், அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினால்தான் உற்பத்தியாளருக்குக் கட்டுப்படியாகும். நிறத்தை மாற்றுவது எளிது. மூடியில் ஒட்டும் படத்தை மாற்றுவது அதைவிட எளிது. இந்த ஆண்டு ராக்கெட், அடுத்த ஆண்டு டைனோசர், அதற்கடுத்த ஆண்டு ஒற்றைக்கொம்புக் குதிரை என்று படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அடியில் இருக்கும் பெட்டி பெரும்பாலும் அதே பெட்டிதான். ஆனால், தேடும் பெற்றோரின் கண்ணும், தேடுவதற்கு நாம் பயன்படுத்தும் செயலியின் கண்ணும் முதலில் போய் நிற்பது அந்தப் படத்தின் மீதுதான். தேடல் தடம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். ஆறு வயதுச் சிறுவன். பேச்சு மிகக் குறைவு. ராக்கெட் படம் போட்ட நீலப் பெட்டியில் வைத்தால்தான் பள்ளியில் சாப்பிடுவான். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டி பள்ளி வேனில் காணாமல் போயிற்று, மறுபடி கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடைத்தெருவில் ரொக்கம் கொடுத்து வாங்கியது. ரசீது இல்லை, நிறுவனத்தின் பெயரும் யாருக்கும் நினைவில்லை. இணையத்தில் வாங்கியிருந்தால் வேலை எளிது. பழைய ஆர்டர்களின் பட்டியல் ஆண்டுவாரியாக அந்தக் கடையின் செயலியிலேயே இருக்கும். பொருள் இப்போது விற்பனையில் இல்லாவிட்டாலும் அதன் பக்கம் பெரும்பாலும் அழிக்கப்படுவதில்லை. அங்கிருந்து நிறுவனத்தின் பெயரையும் மாதிரியின் பெயரையும் எடுத்துவிடலாம். படத்தை வைத்துத் தேடத் தொடங்கும் முன்பு இந்த ஓரிடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. தாத்தாவோ அத்தையோ தங்கள் கணக்கிலிருந்து வாங்கித் தந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தக் குடும்பத்திடம் இருந்தவை இரண்டு படங்கள். ஒன்று, பள்ளியின் முதல் நாளன்று வாசலில் எடுத்தது: பையன் பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறான், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. மற்றொன்று, "எல்லாம் சாப்பிட்டுவிட்டான்" என்று பாட்டிக்குக் காட்டுவதற்காக அம்மா எடுத்தது: மேசைமேல் திறந்து வைத்த வெறும் பெட்டி, ஏறக்குறைய நேர் மேலிருந்து. குடும்பத்தார் முதல் படத்தைத்தான் பெரிதாக நினைத்தார்கள். அதில் ராக்கெட் தெளிவாகத் தெரிந்தது. உண்மையில் இரண்டாவது படத்தில்தான் விடை இருந்தது.

முதலில் மூலப்படத்தைத் தேடி எடுத்தார்கள். பாட்டியின் கைப்பேசியில் இருந்தது வாட்ஸ்ஆப்பில் வந்த படம். வாட்ஸ்ஆப்பில் வழக்கம்போல் அனுப்பும் படம் சுருக்கப்பட்டுவிடும். கொக்கியின் விளிம்பு, மூடியின் வரிப்பள்ளம் போன்ற நுண்ணிய பகுதிகள் மங்கிவிடும். எடுத்த தேதி, நேரம் ஆகிய விவரங்களும் அதில் நீங்கிவிடும். அம்மாவின் பழைய கைப்பேசியில் இருந்த மூலத்தில் எல்லாம் அப்படியே இருந்தன. அதை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டியபோது படமாக அனுப்பாமல் கோப்பாக, அதாவது 'டாக்குமெண்ட்' என்ற வழியில், அனுப்பினார்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது. படம் எடுத்த தேதி கிடைத்ததால், அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த மாதிரிகளை எல்லாம் ஒதுக்கிவிட முடிந்தது.

அடுத்து, படத்தை வைத்துத் தேடுதல். கூகுள் லென்ஸில் முதல் படத்தைக் கொடுத்ததும் திரை முழுவதும் ராக்கெட்டுகள். ராக்கெட் போட்ட தண்ணீர் போத்தல், ராக்கெட் போட்ட பென்சில் பெட்டி, ராக்கெட் போட்ட போர்வை. ஒரு சில உணவுப் பெட்டிகளும் வந்தன. ஆனால் அவை வேறு வடிவம். இதில் வியப்பில்லை. படத்தில் எது பளிச்சென்று வேறுபட்டு நிற்கிறதோ அதைத்தான் இத்தகைய தேடல் பற்றிக்கொள்ளும். ஆகவே இரண்டாவது படத்தை எடுத்து, மேசை, கரண்டி எல்லாவற்றையும் வெட்டி நீக்கிவிட்டு, திறந்த பெட்டியின் உட்பகுதியை மட்டும் தேடலுக்குக் கொடுத்தார்கள். பிறகு பக்கவாட்டுக் கொக்கியை மட்டும் தனியாக வெட்டிக் கொடுத்தார்கள். இப்போது ராக்கெட் ஒன்றும் வரவில்லை. மூலைகள் உருண்ட, உள்ளே எவர்சில்வர் தட்டு பொருந்திய, ஒரு பெரிய அறையும் ஒரு சிறிய அறையும் கொண்ட பெட்டிகள் வரிசையாக வந்தன. அவற்றில் மூன்று, வெவ்வேறு நிறுவனப் பெயர்களில், ஒரே பெட்டியாகத் தோன்றின.

ஒரே பெட்டி மூன்று பெயர்களில் இருப்பது சந்தேகத்துக்கு உரியதாகத் தோன்றலாம். இந்தச் சந்தையில் அது வழக்கம்தான். ஒரு தொழிற்சாலை தன் அச்சில் வார்க்கும் பெட்டியைப் பல வணிகர்கள் வாங்கி, தங்கள் பெயர்ச் சீட்டை ஒட்டி விற்கிறார்கள். இணையக் கடைகள் பொருளின் பக்கத்தில் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரைக் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்தப் பகுதியைப் பொறுமையாகக் கீழே சென்று படித்தால், வெவ்வேறு பெயர்களில் விற்கும் பெட்டிகளுக்கு இறக்குமதியாளர் ஒருவரே என்பது சில வேளைகளில் வெளிப்படும். எனவே தேட வேண்டியது நிறுவனத்தின் பெயரை அன்று, வடிவத்தை. இதன் மறுபக்கமும் உண்டு. பெயர் மாறாமலே அச்சை மாற்றிவிடும் நிறுவனங்களும் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருக்கிறது என்று நம்பி வாங்கியவர், வீட்டுக்கு வந்த பெட்டியில் இரண்டு கொக்கிக்குப் பதில் நான்கு கொக்கி இருக்கக் காண்பார்.

அடுத்த கேள்வி அளவு. அந்த வடிவத்தில் மூன்று அளவுகள் விற்பனையில் இருந்தன. படத்தில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். இங்கேதான் பையனின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை கைகொடுத்தது. பள்ளிகள் வழங்கும் நெகிழி அட்டைகள் பலவும் வங்கி அட்டையின் அளவிலேயே இருக்கும். நீளம் ஏறக்குறைய 86 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டர். அந்தப் பையனின் அட்டையையே அளவுகோலால் அளந்து இதை உறுதி செய்துகொண்டார்கள். பிறகு படத்தைத் திரையில் பெரிதாக்கி அளந்தார்கள். திரையில் அட்டையின் நீளம் 21 மில்லிமீட்டர். பெட்டியின் நீளம் 44 மில்லிமீட்டர். 86-ஐ 21-ஆல் வகுத்து 44-ஆல் பெருக்கினால் 180 வருகிறது. அதாவது பெட்டியின் நீளம் 18 சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும். திரையில் அட்டையை அளக்கும்போது ஒரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ வாசித்திருந்தால், விடை 172-இலிருந்து 189 வரை எங்கேயும் இருக்கலாம். ஆகவே 15 சென்டிமீட்டர் பெட்டியையும் 18 சென்டிமீட்டர் பெட்டியையும் பிரித்தறிய இது போதும். 18-ஐயும் பதினெட்டரையையும் பிரித்தறியப் போதாது. அதைவிட முக்கியமானது, அளவு தெரிந்த பொருளும் பெட்டியும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும் என்பது. இங்கே இரண்டும் மார்பருகே இருந்தன. பையன் பெட்டியைக் கையை நீட்டிக் காட்டியிருந்தால், பெட்டி உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்து கணக்கு தவறியிருக்கும். அட்டை சாய்ந்து தொங்கினாலும் அதன் நீளம் குறைந்து தெரியும். அட்டை இல்லாத படத்தில் தரை ஓடு, ரூபாய் நோட்டு, இன்னும் வீட்டில் இருக்கும் அதே கரண்டி என்று அளந்து பார்க்கக்கூடிய எதையும் பயன்படுத்தலாம்.

நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைக் காண இந்த அளவுகோல்கூட வேண்டியதில்லை. நேர் மேலிருந்து எடுத்த இரண்டாவது படத்தில் நீளம் அகலத்தைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்காக இருந்தது. விற்பனையில் இருந்த மூன்று அளவுகளில், 18 சென்டிமீட்டர் நீளமும் 13 சென்டிமீட்டர் அகலமும் உள்ள நடு அளவு மட்டுமே இரண்டு கணக்குக்கும் பொருந்தியது. ஒரு சிறு எச்சரிக்கை: இணையக் கடைகள் தரும் அளவுகளில் பொருளின் அளவும் உண்டு, அதைப் பொதிந்து வரும் அட்டைப் பெட்டியின் அளவும் உண்டு. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படிப்பவர் பலர்.

நிறத்தை நான் இவ்வளவு நேரம் பேசாததற்குக் காரணம், புகைப்படத்தில் மிகக் குறைவாக நம்பத்தக்கது அதுதான். குழல் விளக்கின் கீழ் எடுத்த படத்திலும், காலை வெயிலில் எடுத்த படத்திலும் ஒரே நீலம் இரு வேறு நீலங்களாகத் தெரியும். கைப்பேசிகளும் தம் போக்கில் நிறத்தைக் கூட்டிக் குறைத்துவிடுகின்றன. படத்தில் உள்ள வெண்மையான பொருள் ஒன்றைப் பார்ப்பது ஓரளவு உதவும். வெள்ளைச் சட்டை மஞ்சளாகத் தெரிந்தால் பெட்டியின் நிறமும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். வடிவத்தால் முடிவு செய்துவிட்டு, நிறத்தைக் கடைசியில் சரிபார்ப்பதே முறை.

சரிபார்க்கும்போது விற்பவர் வைத்திருக்கும் படங்களைக் காட்டிலும், வாங்கியவர்கள் தங்கள் மதிப்புரையோடு இட்டிருக்கும் படங்கள் மேலானவை. விற்பவர் தரும் படங்கள் பல நேரம் கணினியில் உருவாக்கப்பட்டவை. நிழலும் இல்லை, கீறலும் இல்லை. வாங்கியவர் சமையலறை மேடையில் வைத்து எடுத்த படத்தில்தான் கொக்கி உள்ளபடி தெரியும். அந்தக் குடும்பத்தினர் மூன்று இடங்களை ஒப்பிட்டார்கள்: கொக்கியின் நடுவில் உள்ள சிறு துளை, மூடியின் உட்புறம் ஓடும் சாம்பல் நிற ரப்பர் வளையம், தட்டின் இரு அறைகளையும் பிரிக்கும் சுவரின் வளைவு. மூன்றும் பொருந்தின. இரண்டு பொருந்தி மூன்றாவது பொருந்தாவிட்டால் அது வேறு அச்சு என்றே கொள்ள வேண்டும். 'ஏறக்குறைய' என்பதற்கு இங்கே இடமில்லை. மிகக் குறைந்த விலை போட்டு, மதிப்புரையே இல்லாமல், வேறொரு கடையின் படத்தையே வைத்திருக்கும் தளங்களும் தேடலில் வரும். அவற்றில் பணம் கட்டுவதற்கு முன், பெட்டியின் அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டுப் பார்க்கலாம். கையில் பொருள் உள்ளவர் அனுப்பிவிடுவார்.

சமூக ஊடகத்தில் உதவி கேட்பதானால் ஒன்றை மறக்கக் கூடாது. எந்த அடையாள அட்டை நமக்கு அளவுகோலாக உதவியதோ, அதே அட்டை குழந்தையின் பெயரையும் பள்ளியையும் சில நேரம் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் ஊருக்குச் சொல்லிவிடும். சீருடையில் உள்ள சின்னமும் அப்படியே. அளவெடுக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, வெளியில் விடும் படத்தில் பெட்டி மட்டும் இருக்கும்படி வெட்டிவிட வேண்டும். உதவ வருபவருக்குக் குழந்தையின் முகம் தேவையில்லை.

பெட்டி உடைந்து மட்டும் இருக்கிறது, தொலையவில்லை என்றால் வேலை இன்னும் சுலபம். அடிப்பகுதியைத் திருப்பிச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்தால், பொறித்த எழுத்துகள் தெளியும். ஆனால் அங்கே காண்பதெல்லாம் மாதிரி எண் அன்று. அம்புகளாலான முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன் என்ற நெகிழி வகையைக் குறிப்பது. அதை வைத்துக் கடையில் கேட்டால் ஆயிரம் பெட்டிகளைக் காட்டுவார்கள். கடிகாரம் போன்ற சிறு வட்டத்தில் அம்புக்குறி இருந்தால் அது வார்த்த மாதத்தையும் ஆண்டையும் காட்டுவது. டப்பர்வேர் போன்ற சில நிறுவனங்கள் மட்டும் அச்சு எண்ணையே பொறிக்கின்றன. அதிலும் மூடிக்கு ஓர் எண், பாத்திரத்துக்கு வேறோர் எண் என்பதால் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். எவர்சில்வர் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதனுடன் உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டு உற்பத்தியாளரின் பெயரை அறியலாம்.

பள்ளிப்பை வேறு கதை. அது அச்சில் வார்ப்பதன்று, தைப்பது. துணி ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் மாறும். ஜிப்பின் இழுவையும் மாறும். ஆகவே பைகளில் 'அதே' என்பதை எட்டுவது கடினம். பையின் முன்பக்கப் படத்தைவிட, தோள்பட்டை வார் தைத்திருக்கும் விதமும் பக்கவாட்டுப் பைகளின் எண்ணிக்கையும் தெரியும் படமே தேடலுக்கு உதவும். பை கையில் இருந்தால், உள்ளறையின் தையலோரத்தில் துணிச்சீட்டு ஒன்று இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இவ்வளவு பாடு எதனால்? பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இல் வந்தன. உற்பத்தியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், விலை, புகார் தெரிவிக்க வேண்டிய எண் என எல்லாம் பொட்டலத்தின் மீது இருக்க வேண்டும் என்பது அந்த விதி. பொட்டலத்தின் மீதுதான், பொருளின் மீது அன்று. பெட்டியை வாங்கிய அன்றே அதன் அட்டை உறை குப்பைக்குப் போய்விடுகிறது. பெட்டியோ ஐந்து ஆண்டுகள் உழைக்கிறது. எஃகு அச்சு ஒன்றைச் செதுக்கும்போதே அடிப்பகுதியில் ஒரு மாதிரி எண்ணையும் செதுக்குவதற்கு உற்பத்தியாளருக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது. கைப்பேசிக்கும் மிக்ஸிக்கும் மாதிரி எண்ணைப் பொருளின் மீதே காண்கிறோம். குழந்தைகளுக்கென்று விற்கும் உணவுப் பெட்டிக்கும் அது வேண்டும் என்று கேட்பது அதிகப்படி ஆகாது. மூடி, ரப்பர் வளையம், கொக்கி ஆகியவை தனியே கிடைத்தால் முழுப் பெட்டியையே தேட வேண்டிய நிலை பல வீடுகளில் வராது. அவற்றைக் கேட்டு வாங்கவும் அந்த எண்தான் வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் தேடல் முடிந்த இடத்தில் ஒரு சிக்கல் காத்திருந்தது. பெட்டி கிடைத்தது, ராக்கெட் கிடைக்கவில்லை. அந்தப் படம் நின்றுபோய், வெறும் நீல மூடியோடுதான் பெட்டி விற்பனையில் இருந்தது. வாங்குவதா, வேண்டாமா? இங்கே பதில் சொல்லத்தக்கவர் விற்பவர் அல்லர். பையனை நாள்தோறும் பார்ப்பவர். வகுப்பாசிரியையைக் கேட்டார்கள். அவன் ராக்கெட்டைப் பார்ப்பதே இல்லை என்றும், சாப்பிடுவதற்கு முன் கொக்கியை நான்கைந்து முறை 'டக், டக்' என்று திறந்து மூடுவான் என்றும், பிறகு ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுவான் என்றும் அவர் சொன்னார். பெரியவர்கள் அந்தப் பெட்டியை 'ராக்கெட் டப்பா' என்றே அழைத்து வந்ததால், அவனுக்கும் அது ராக்கெட் டப்பாதான் என்று எண்ணிவிட்டார்கள். அவனுக்கு அது கொக்கி டப்பா.

வெறும் நீலப் பெட்டிகள் இரண்டை வாங்கினார்கள். புதிய நெகிழியின் மணம் போக, வெந்நீரும் சோப்பும் கொண்டு ஒரு வாரம் தினமும் கழுவி வெயில்படாத இடத்தில் உலர்த்தினார்கள். பள்ளிக்கு அனுப்பும் முன் விடுமுறை நாளில் வீட்டிலேயே, அவனுக்கு மிகப் பிடித்த தயிர்ச் சோற்றை வைத்து மேசைமேல் விட்டார்கள். பெட்டியும் உணவும் ஒரே நாளில் மாறக் கூடாது என்பது சிறப்பாசிரியர் சொன்ன யோசனை. முதல் நாள் கொக்கியை மட்டும் திறந்து மூடிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் சாப்பிட்டான். ஆனால் உள்ளே இருந்த குட்டிக் கிண்ணத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டான். பழையது மஞ்சள், இது வெள்ளை. கிண்ணம் இல்லாமலே பெட்டி இப்போது பள்ளிக்குப் போய்வருகிறது.

இரண்டாவது பெட்டியைப் பரணில் வைக்கவில்லை. ஒன்றை மட்டும் பயன்படுத்தி மற்றதைப் பத்திரப்படுத்தினால், இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும்போது அது அவன் கைக்கு அந்நியமாக, பளபளப்பாக இருக்கும். ஆகவே திங்கள் ஒன்று, செவ்வாய் மற்றொன்று என்று மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். இரண்டும் சேர்ந்தே கீறல் பட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டின் அடிப்பகுதியும், மூடியின் உட்புறமும், அளவுகோலை அருகில் வைத்து எடுத்த படங்களாக அம்மாவின் கைப்பேசியில் இருக்கின்றன. அட்டை உறையில் இருந்த சீட்டின் படமும் அவற்றோடு இருக்கிறது.